பெயர் திருடிய ஆய்விதழை அனுப்புவதற்கு முன்பே அடையாளம் காண்பது எப்படி? (ஸ்கோபஸ் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது)

மண்புழு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கொல்லிமலையில் சாமை விளையும் நிலங்களின் மண்ணில் கரிமக் கார்பன் எவ்வளவு ஆழம் வரை தங்குகிறது என்பது என் ஆய்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வு மையத்தில் கேட்கிறார்கள்.

சென்ற வாரம் எங்கள் ஆய்வு மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மத்திய ஐரோப்பாவில் ஒரு வனவியல் கழகம் நடத்தும் இதழ், ஸ்கோபஸில் இருக்கிறது, 15 நாளில் வெளியீடு, கட்டணம் 22,000 ரூபாய் என்று அதில் இருந்தது. இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என், ஸ்கோபஸ் முத்திரை, பேராசிரியர்களின் பெயர்கள் கொண்ட ஆசிரியர் குழு என எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன. ஸ்கோபஸ் தளத்தில் தேடியபோதும் அதே பெயரும் அதே எண்ணும் கிடைத்தன. நெறியாளரும் அனுப்பலாம் என்கிறார். இருந்தும் 15 நாள் என்ற சொல் உறுத்துகிறது. இன்னும் எதையும் அனுப்பவில்லை. அனுப்பும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கறார்ப்பேர்வழி எழுதியது:

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பணம் கேட்கும் இதழ் எதுவாக இருந்தாலும் அது போலி. அறிவியலைக் காசுக்கு அச்சிடுகிறவனிடம் எதற்காகப் போக வேண்டும்? கட்டணம் இல்லாத இதழுக்கு மட்டும் அனுப்புங்கள், பிரச்சினை தீர்ந்தது.

எண்கணிதன் எழுதியது:

கறார்ப்பேர்வழி சொல்வது மிகையானது. இதைவிடத் துல்லியமான சோதனை ஒன்று இருக்கிறது. ஐஎஸ்எஸ்என் எண்ணின் கடைசி இலக்கம் சும்மா வைக்கப்பட்டதல்ல, முதல் ஏழு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எடுத்துக்காட்டாக நேச்சர் இதழின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 82 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 11-இலிருந்து 5-ஐக் கழித்தால் 6, அதுதான் கடைசி இலக்கம். மனம்போன போக்கில் எண்ணை உருவாக்குகிற போலிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சிக்கிவிடும். உங்கள் இதழின் எண்ணுக்குக் கணக்கு ஒத்து வந்தால் நம்பி அனுப்பலாம் என்பது என் கருத்து.

பழைய நூலகர் எழுதியது:

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எண்கணிதன் சொன்ன கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் ஆபத்தானது. மண்புழு விவரிக்கும் நிலைமையில் எண் உண்மையான எண்ணாகவே இருக்கும், ஏனென்றால் அது வேறொருவரிடமிருந்து திருடப்பட்டது. நல்ல வீட்டின் கதவு எண்ணைத் தன் கொட்டகையில் எழுதி வைத்திருப்பவனை, எண் சரிதானா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

போலி இதழ்களில் இரண்டு வகை உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் வகை, புதிதாக ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, மதிப்பீடே செய்யாமல் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடுவது. 2013-இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்பவர், அடிப்படைப் பிழைகள் நிறைந்த கட்டுரை ஒன்றைக் கட்டணம் வாங்கும் திறந்த அணுகல் இதழ்கள் 304-க்கு அனுப்பினார், அவற்றில் 157 ஏற்றுக்கொண்டன. அந்த வகை ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாது, அல்லது இடம்பெற்றாலும் கண்டுபிடிக்கப்பட்டதும் நீக்கப்படும். எனவே பட்டியலைப் பார்ப்பதே ஓரளவு போதும்.

இரண்டாம் வகை, ஏற்கெனவே நற்பெயருடன் நடந்து வரும் இதழின் பெயர், எண், வரலாறு ஆகிய அனைத்தையும் எடுத்துக்கொண்டு வேறொரு இணைய முகவரியில் கடை விரிப்பது. இங்கே பட்டியலே ஏமாற்றுக்காரனுக்குச் சாட்சி சொல்லும், ஏனென்றால் பட்டியலில் இருப்பது உண்மையான இதழ். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் உள்ள கரிந்தியா மாநில அருங்காட்சியகம் வெளியிடும் வுல்ஃபெனியா என்ற தாவரவியல் இதழின் பெயரிலும், ஜெனிவாவின் ஆர்கீவ் தே சியான்ஸ் இதழின் பெயரிலும் இப்படிப் போலித் தளங்கள் நடந்ததை 2013-இல் நேச்சர் எழுதியது. தாவரங்களைப் பற்றி மட்டுமே எழுதும் இதழின் பெயரில் எல்லாத் துறைக் கட்டுரைகளும் விலைக்கு ஏற்கப்பட்டன. இணையத்தில் பெரிதாகத் தலைகாட்டாத பழைய அச்சிதழ்கள் இவர்களுக்கு வாகான இரை.

கறார்ப்பேர்வழிக்கும் ஒரு சொல். பிளாஸ் ஒன் போன்ற, எவரும் போலி என்று சொல்லாத இதழ்களும் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் கேட்பது குற்றமல்ல. எப்போது கேட்கிறார்கள், எந்தக் கணக்குக்குக் கேட்கிறார்கள் என்பதே கேள்வி. கழகத்தின் பெயரில் அல்லாமல் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கோ, அந்த நாட்டுக்குத் தொடர்பில்லாத நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மண்புழு, அந்த இணைய முகவரியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பொதுவில் பெயரை எழுத வேண்டாம், உண்மையான இதழுக்கும் அதனால் களங்கம் வரும்.

கூடல்நகர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தமிழ்த்துறை. எங்கள் பக்கம் "பன்னாட்டுக் கருத்தரங்கம்" என்று அழைப்பிதழ் வரும். 800 ரூபாய் கட்டி, நான்கு பக்கக் கட்டுரையை யூனிகோடில் அனுப்பினால், இருநூறு கட்டுரைகள் கொண்ட தொகுதி ஐஎஸ்பிஎன் எண்ணுடன் கருத்தரங்க நாளன்றே கையில் கிடைத்துவிடும். வெளிநாட்டவர் ஒருவர் காணொளியில் வாழ்த்துச் சொல்வார், அதுதான் பன்னாடு. நானும் இப்படி ஆறு தொகுதிகளில் எழுதியிருக்கிறேன். இதுவும் நீங்கள் சொல்லும் போலிதானா? அப்படியானால் எங்கள் துறையில் பாதிப் பேருக்குத் தன்விவரக் குறிப்பே மிஞ்சாது.

பழைய நூலகர் எழுதியது:

கூடல்நகர் ஐயா, அதைப் போலி என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கருத்தரங்கம் நடக்கிறது, மக்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள். யாருடைய பெயரும் திருடப்படவில்லை. ஆனால் கருத்தரங்க நாளன்றே தொகுதி அச்சாகி வருகிறதென்றால் கட்டுரைகளை எவரும் மதிப்பிடவில்லை என்பது தெளிவு. ஐஎஸ்பிஎன் என்பது நூலுக்கான அடையாள எண் மட்டுமே, சமையல் குறிப்பு நூலுக்கும் அது கிடைக்கும். அத்தொகுதியில் வந்ததை "மதிப்பீடு செய்யப்பட்ட கட்டுரை" என்று விண்ணப்பத்தில் எழுதும்போதுதான் பொய் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கூடல்நகர் எழுதியது:

விண்ணப்பப் படிவத்தில் அதற்கு வேறு கட்டமே இல்லையே ஐயா. சரி, இது தனி இழைக்கான சங்கதி. நீங்கள் மண்புழுவின் கேள்விக்கு வாருங்கள்.

பழைய நூலகர் எழுதியது:

மண்புழு முகவரியை அனுப்பினார், நேற்று மாலை ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் எந்த இடத்தில் எது தெரிந்தது என்பதுதான் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் portal.issn.org தளத்தில் அந்த எண்ணைப் போட்டேன். பெயரும் நாடும் ஒத்துப்போயின. பதிவில் இருந்த இணைய முகவரி மட்டும் வேறு, அது கழகத்தின் சொந்தத் தளத்துக்குப் போயிற்று. இந்த ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, இதழ்கள் தளம் மாறுவதும் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடப்பதும் உண்டு. ஆனால் இப்போது என் முன் இரண்டு தளங்கள் இருந்தன, ஒப்பிட முடிந்தது.

ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் scopus.com/sources என்ற முகவரியில், சந்தா இல்லாமலே பார்க்கக் கிடைக்கிறது. அதில் இந்த இதழின் துறை வனவியல் என்று மட்டும் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்த தளமோ பொறியியல், மேலாண்மை, மருத்துவம், கல்வியியல் என்று சகல துறைகளுக்கும் கட்டுரை கேட்கிறது. கழகத்தின் தளத்தில் மரங்களையும் காட்டு மண்ணையும் தவிர வேறெதுவும் இல்லை.

அடுத்துப் பழைய இதழ்களைத் திறந்தேன். என் அனுபவத்தில் இங்கேதான் எல்லாம் வெளியே வரும். 1954-இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு தொகுதி என்று வந்த இதழ் இது, ஆகவே 2024-இல் வர வேண்டியது 71-ஆம் தொகுதி. போலித் தளத்திலும் 71 என்றே இருக்கிறது, அந்தக் கணக்கை அவர்கள் போட்டிருக்கிறார்கள். ஆனால் உண்மையான இதழ் ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது, போலியோ மாதந்தோறும் வருகிறது. போலித் தளத்தின் சேமிப்பு 2021-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய 67 ஆண்டுகளும் அங்கே இல்லை. ஒரே மாதத்தில் 140 கட்டுரைகள். அவற்றில் இரண்டு, ஒன்று சில்லறை வணிகம் பற்றியது, மற்றொன்று நீரிழிவு பற்றியது, இரண்டும் ஒரே இதழில் 211-ஆம் பக்கத்தில் தொடங்குகின்றன. அச்சுக்குப் போகிற இதழில் இப்படி நேர்ந்தால் அச்சகத்துக்காரரே தொலைபேசியில் அழைத்துவிடுவார்.

பிறகு உண்மையான இதழ் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை வெளியிடுகிறது என்று, கட்டுரைகளுக்கான டிஓஐ அடையாள எண்களைப் பதிவுசெய்யும் க்ராஸ்ரெஃப் அமைப்பில் பார்த்தேன். உலாவியின் முகவரிப் பட்டையில் இதை இட்டால் போதும், கடைசியில் உங்கள் இதழின் எண்ணை வையுங்கள்:

```
https://api.crossref.org/journals/0028-0836
```

இது நேச்சருக்கானது. வருகிற எழுத்துக் குவியலில் dois-by-issued-year என்ற இடத்தைத் தேடினால் ஒவ்வோர் ஆண்டுக்கும் எண்ணிக்கை இருக்கும். நம் வனவியல் இதழுக்கு 2023-இல் 37. அதே ஆண்டில் போலித் தளத்தில் நான் எண்ணிக் களைத்து விட்டது ஆயிரத்தைத் தாண்டிய பிறகு.

கடைசியாக டிஓஐ. போலித் தளத்தில் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் டிஓஐ எண் அச்சிடப்பட்டிருக்கிறது, முன்னொட்டுகூட உண்மையான இதழுடையதே. அதன் மேல் சொடுக்கினால் அவர்களுடைய கோப்பே திறக்கும், அதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எண்ணை மட்டும் படியெடுத்து doi.org பக்கத்தில் ஒட்டுங்கள். நான் ஒட்டிய ஐந்துக்கும் DOI Not Found என்றே வந்தது.

தளத்தின் பதிவுத் தேதியையும் பார்த்தேன். முனையத்தில் whois என்று தட்டி முகவரியைக் கொடுத்தால் Creation Date என்ற வரியில் வரும், அதற்கான இணையப் பக்கங்களும் உண்டு. 2021 என்றது. இதை நான் துணைச் சான்றாக மட்டுமே கொள்வேன், ஏனென்றால் நேர்மையான கழகமும் புதிய முகவரி வாங்கக்கூடும்.

எண்கணிதன் எழுதியது:

என் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இப்படிப்பட்ட இதழ்களுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் ஸ்கோபஸ் தளத்திலேயே கட்டுரை இடம்பெற்றிருப்பதாகப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். என் நண்பருக்கு வந்ததை நானே ஸ்கோபஸில் தேடிப் பார்த்தேன், கட்டுரை அங்கே இருந்தது. போலியாக இருந்தால் ஸ்கோபஸுக்குள் எப்படிப் போகும்?

பழைய நூலகர் எழுதியது:

போகும், போயிருக்கிறது. ஸ்கோபஸின் தரவு சேகரிப்பு போலித் தளத்தை உண்மையான தளம் என்று எடுத்துக்கொண்டால் அங்கே வருகிற கட்டுரைகளும் உள்ளே போய்விடும். அன்னா அபால்கினா என்ற ஆய்வாளர் இதையே தனியாக ஆராய்ந்து, 2013 முதல் குறைந்தது 67 பெயர் திருடிய இதழ்கள் ஏதோ ஒரு வகையில் ஸ்கோபஸுக்குள் நுழைந்தன என்று காட்டினார். சில இதழ்களுக்கு, ஸ்கோபஸில் இருந்த முகப்பு இணைப்பே போலித் தளத்துக்குப் போயிற்று. அதன் பிறகு, 2023 இறுதியில், இதழ் விவரப் பக்கங்களிலிருந்து முகப்பு இணைப்புகளையே ஸ்கோபஸ் எடுத்துவிட்டது. ஆகவே ஸ்கோபஸ் வழியாக இதழின் தளத்துக்குப் போவது பாதுகாப்பு என்று பழைய வழிகாட்டிகளில் எழுதியிருப்பது இப்போது பயன்படாது.

உள்ளே நுழைந்த கட்டுரைகள் கண்டுபிடிக்கப்பட்டதும் நீக்கப்படும். உங்கள் நண்பரின் கட்டுரை இன்று இருப்பது, வாய்மொழித் தேர்வு நாளன்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தரகருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவர் பணம் வாங்குவது படம்பிடித்துக் காட்டும் அன்றைக்கு.

அதே அபால்கினாவும், திரும்பப் பெறப்படும் ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளமும் சேர்ந்து 2022 முதல் பெயர் திருடிய இதழ்களின் பட்டியலை இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள், 300-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. Hijacked Journal Checker என்று தேடினால் கிடைக்கும். மண்புழுவின் இதழ் அதில் இல்லை. பட்டியலில் இருந்தால் போலி என்று கொள்ளலாம், இல்லாவிட்டால் நல்லது என்று கொள்ளக் கூடாது.

செவ்வந்தி எழுதியது:

இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒன்றுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது, மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரே ஒரு வரி, "ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்துக" என்று. அதுவும் என் கட்டுரையைப் படிக்காமலே எழுதக்கூடிய வரிதான். சந்தேகம் வந்து திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். திரும்பப் பெறக் கட்டணம் 200 டாலர் என்றார்கள். நான் கட்டவில்லை. பத்து நாளில் என் பெயரோடு கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். பிறகு நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பியபோது, ஒப்புமை சோதனையில் தொண்ணூறு விழுக்காடு ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிட்டார்கள். என் மூன்றாண்டு உழைப்பை நானே திருடியவள் போல ஆனேன். இப்போதாவது ஏதாவது செய்ய முடியுமா?

பழைய நூலகர் எழுதியது:

அம்மா, பணம் கட்டாமல் விட்டது சரியான முடிவு. கட்டியவர்களின் கட்டுரையையும் அவர்கள் நீக்கியதாக நான் பார்த்ததில்லை. பதிப்புரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டீர்களா என்பது முக்கியம். இடவில்லை என்றால் கட்டுரையின் உரிமை இன்னும் உங்களுடையதே. வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெறுவதாக நீங்கள் எழுதிய மின்னஞ்சலைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அனுப்பும் இதழின் ஆசிரியருக்கு, கட்டுரையோடு வைக்கும் கடிதத்திலேயே, நடந்ததை நான்கு வரியில் சொல்லி அந்த மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடிப்பதும் நீங்களாகச் சொல்வதும் ஒன்றல்ல. எல்லா ஆசிரியர்களும் ஏற்பார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. சிலர் ஏற்றிருக்கிறார்கள், சிலர் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறார்கள்.

செவ்வந்தி எழுதியது:

படிவம் கேட்டார்கள், நான் அனுப்பவில்லை. முயன்று பார்க்கிறேன் ஐயா.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இதழ்களைப் பற்றி விளங்கிக்கொண்டேன். ஆனால் எனக்குப் பாங்கொக்கில் நடக்கும் மாநாடு ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. என் ஆய்வைப் படித்து வியந்ததாக எழுதி, முதன்மை உரையாற்ற வேண்டும் என்கிறார்கள், பதிவுக் கட்டணம் மட்டும் நான் செலுத்த வேண்டுமாம். நான் இன்னும் எந்த ஆய்வையும் வெளியிடவில்லை என்பதுதான் வேடிக்கை. மாநாட்டின் பெயரோ எங்கள் துறையில் எல்லோரும் மதிக்கும் பெரிய மாநாட்டின் பெயரைப் போலவே இருக்கிறது.

இணைப்பேராசிரியை_கோவை எழுதியது:

நல்லூரான், பெயர் ஒற்றுமை தற்செயலானதல்ல. அமெரிக்கப் பூச்சியியல் கழகத்தின் மாநாடு Entomology 2013. அதே சமயத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் Entomology-2013 என்று ஒன்றை அறிவித்தது, வேறுபாடு ஒரு சிறு கோடு மட்டுமே. அழைக்கப்பட்ட அறிவியலாளர்கள் சிலர் கழகத்தின் மாநாடு என்று நினைத்துச் சம்மதித்ததை நியூயார்க் டைம்ஸ் அப்போது எழுதியது. பின்னர் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல், அந்த நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாநாட்டுக்கு வருவதாகச் சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களையும் விளம்பரத்தில் போட்டது அந்த வழக்கில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று.

நான் செய்வது இதுதான். ஏற்பாட்டுக் குழுவில் பெயர் உள்ளவர்களில் இருவரைத் தேர்ந்து, மாநாட்டுத் தளத்தில் உள்ள முகவரிக்கு அல்லாமல், அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, நீங்கள் இக்குழுவில் இருக்கிறீர்களா என்று கேட்பேன். அதோடு, அதே நிறுவனம் அதே நாளில் அதே விடுதியில் வேறு என்னென்ன மாநாடு அறிவித்திருக்கிறது என்று பார்ப்பேன். இதய நோயும் நானோ தொழில்நுட்பமும் கால்நடை மருத்துவமும் ஒரே கூடத்தில் ஒரே காலையில் நடப்பதாக இருந்தால், அங்கே பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் புரியாத உரைகளைக் கேட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள் என்று பொருள்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாநாடுகளில் வேறொரு வலை உண்டு. "தேர்ந்தெடுத்த கட்டுரைகள் ஸ்கோபஸ் இதழ்களில் வெளிவரும்" என்பார்கள். எந்த இதழ் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் சொன்னால் அந்த இதழின் ஆசிரியரிடம், இந்த மாநாட்டுக்குச் சிறப்பிதழ் ஒப்புக்கொண்டீர்களா என்று கேளுங்கள். நான் இருமுறை கேட்டிருக்கிறேன், ஒரு முறை ஆம், ஒரு முறை "அப்படி ஒரு மாநாட்டையே கேள்விப்பட்டதில்லை".

கறார்ப்பேர்வழி எழுதியது:

இவ்வளவு துப்பறிய வேண்டிய நிலைக்கு மாணவரைத் தள்ளியது யார்? யூஜிசி ஒரு பட்டியல் வைத்திருந்தது, அதைப் பார்த்தால் முடிந்தது. இப்போதும் அதைப் பார்த்தால் போதாதா?

இணைப்பேராசிரியை_கோவை எழுதியது:

அந்தப் பட்டியலின் கதை அவ்வளவு நேரானதல்ல. 2018 மே மாதத்தில் யூஜிசி தன் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பிறகு 2019-இல் கேர் என்ற பெயரில் யூஜிசியின் புதிய பட்டியல் வந்தது, அதையும் 2025 பிப்ரவரியில் கைவிடுவதாக அறிவித்து, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியையும் 2022 ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியை வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. மண்புழு, உங்கள் மையத்தில் கேட்பது எழுத்தில் உள்ள விதியா, வாய்வழக்கமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். எங்கள் துறையில் இல்லாத விதி ஒன்றைப் பல ஆண்டுகள் எல்லோரும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

மண்புழு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

இணைப்பேராசிரியை அம்மா மாநாட்டுக்குச் சொன்ன வழியிலேயே, கழகத்தின் சொந்தத் தளத்தில் கண்ட இதழாசிரியரின் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்தத் தளம் தங்களுடையதல்ல, தாங்கள் கட்டணமே வாங்குவதில்லை, மதிப்பீட்டுக்குச் சராசரியாக ஐந்து மாதம் ஆகும், இந்தியாவிலிருந்து இப்படி விசாரித்து வரும் கடிதங்கள் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன என்று எழுதியிருந்தார். என் கட்டுரையை அவர்களுக்கே அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தேன். மிதவெப்பக் காடுகளுக்கு வெளியே உள்ள நிலங்களைத் தாங்கள் எடுப்பதில்லை என்று பணிவாக மறுத்துவிட்டார். விதியையும் விசாரித்தேன். எழுத்தில் இருக்கிறது, ஆனால் "ஏற்புக் கடிதம் இருந்தால் போதும்" என்றுதான் இருக்கிறது, வெளியாகியிருக்க வேண்டும் என்று இல்லை. அது சற்று மூச்சுவிட இடம் தருகிறது.

இரண்டாவது செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போலித் தளத்தின் சேமிப்பை நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 2022-ஆம் ஆண்டின் இரண்டு இதழ்களில் என் நெறியாளரின் பெயர் இருக்கிறது.

கறார்ப்பேர்வழி எழுதியது:

பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதுங்கள். இதில் வேறு பேச்சே இல்லை.

செவ்வந்தி எழுதியது:

எழுதுவது எளிது ஐயா. கையொப்பம் அவரிடம் அல்லவா இருக்கிறது. நானும் ஏமாந்துதான் அனுப்பினேன், என் பெயரும் இன்னும் ஒரு போலித் தளத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்து யாராவது என்னைப் பற்றியும் புகார் எழுதினால் நான் என்ன சொல்வேன்?

பழைய நூலகர் எழுதியது:

செவ்வந்தி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயர் இருப்பது மட்டும் அவர் அறிந்து செய்தார் என்பதற்குச் சான்றாகாது. உடன் எழுதியவர் அனுப்பியிருக்கலாம், 2022-இல் அவருக்கும் இதே தரகர் இதே படத்தைக் காட்டியிருக்கலாம். மண்புழு, ஆசிரியரின் பதிலை அச்செடுத்து அவரிடம் கொண்டுபோய், "நாம் அனுப்ப நினைத்த தளம் இதழினுடையது அல்ல என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள். சேமிப்பில் கண்டதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது தன் கட்டுரைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. அதன் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அடுத்ததை யோசிக்கலாம்.

இணைப்பேராசிரியை_கோவை எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அந்த இரண்டு கட்டுரைகளையும் காட்டி அவர் பதவி உயர்வு பெற்றிருந்தால், மாணவர் வாய்மூடி இருப்பது பின்னாளில் அவருக்கே வினையாகலாம். குறைந்தது, ஆசிரியருக்கு எழுதியதையும் பதில் வந்ததையும் தேதியோடு தனியாகச் சேமித்து வையுங்கள், கல்லூரி மின்னஞ்சலில் அல்ல, உங்கள் சொந்த மின்னஞ்சலில்.

மண்புழு எழுதியது:

சேமித்துவிட்டேன் அம்மா. கடிதத்தை அச்செடுத்தும் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். வெப்பமண்டல வேளாண் மண்ணை எடுத்துக்கொள்ளும் இதழ்கள் யாருக்காவது தெரிந்தால், கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை, பெயர்களைச் சொல்லுங்கள். இந்த முறை சோதனைகளை நானே செய்துவிட்டு வந்து சொல்கிறேன்.